ஃபார்வேர்ட் விலையைப் பூட்டுகிறது, ஆப்ஷன் நஷ்டத்துக்கு வரம்பு கட்டுகிறது: 2 லட்சம் டாலர் ஆர்டர் ஒன்றின் கணக்கு

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதியாளர் 2 லட்சம் டாலருக்கு ஆர்டர் எடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நூல், நிட்டிங், சாயம், தையல் கூலி, பெட்டி, தூத்துக்குடி வரை லாரி வாடகை என்று செலவெல்லாம் ரூபாயில் போகிறது. வரவு டாலரில், அதுவும் 90 நாள் கழித்து. விலை பேசிய அன்று டாலர் 84 ரூபாய். அந்தக் கணக்கில் ஆர்டரின் மதிப்பு 1 கோடியே 68 லட்சம். லாபம் 5 சதவீதம் என்றால் 8 லட்சத்துச் சொச்சம். பணம் வரும் நாளில் டாலர் 82-க்கு இறங்கியிருந்தால் 4 லட்சம் குறையும். நிட்டிங்கும் தையலும் ஒரு குறையுமில்லாமல் ஓடியும் லாபத்தில் பாதி காணாமல் போகும்.

இதைத் தடுக்க வங்கியின் செலாவணிப் பிரிவில் இரண்டு வழிகள் கிடைக்கும். ஒன்று ஃபார்வேர்ட்: 90 நாள் கழித்து உங்கள் 2 லட்சம் டாலரை 84.45 ரூபாய்க்கு வாங்கிக்கொள்கிறோம் என்று வங்கி இன்றே ஒப்பந்தம் போடும். இன்றைக்கு நீங்கள் காசு எதுவும் கட்ட வேண்டாம். மற்றொன்று ஆப்ஷன்: 90 நாள் கழித்து 84 ரூபாய்க்கு விற்கும் உரிமையை வங்கி தரும், டாலருக்கு 47 பைசா வீதம் 94,000 ரூபாயை இன்றே வாங்கிக்கொள்ளும். விற்பதும் விற்காமல் விடுவதும் உங்கள் இஷ்டம். (இந்த விலைகள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. ஆனால் ஒன்றோடொன்று பொருந்தும்படி கணக்கிட்டவை. எப்படி என்பது கீழே வரும்.)

மேலோட்டமாகப் பார்த்தால் இலவசமாக 84.45 கிடைக்கும்போது காசு கொடுத்து 84-ஐ வாங்குவது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். பல நிறுவனங்களில் பேச்சு இந்த இடத்தோடு முடிந்துவிடுகிறது. ஃபார்வேர்டுக்கும் விலை உண்டு என்பதும், அதைக் கட்டும் நாளும் நாணயமும் மட்டுமே வேறு என்பதும் அப்போது கண்ணில் படுவதில்லை.

84.45 எங்கிருந்து வந்தது

90 நாள் கழித்து டாலர் 84.45 ஆகும் என்று வங்கி கணித்து இந்த விலையைச் சொல்லவில்லை. உங்களிடம் ஒப்பந்தம் போட்ட உடனே வங்கி தன் பக்கத்தைச் சரிக்கட்டிவிடும். 90 நாளில் 2 லட்சம் டாலர் வரப்போகிறது. எனவே அதற்கு ஈடான டாலரை இன்றே கடன் வாங்கி, 84-க்குச் சந்தையில் விற்று, கிடைத்த ரூபாயை 90 நாளுக்கு வட்டிக்குப் போடலாம். உங்கள் டாலர் வந்ததும் டாலர் கடன் தீரும். ரூபாய்க்கு ஆண்டு வட்டி 6.5 சதவீதம், டாலருக்கு 4.3 சதவீதம் என்று எடுத்துக்கொண்டால், மூன்று மாதத்தில் 84 ரூபாய் 85.36 ஆகும், 1 டாலர் 1.01075 ஆகும். ஒன்றை மற்றதால் வகுத்தால் 84.45-ஐ ஒட்டி வந்து நிற்கும். நடைமுறையில் வங்கிகள் இதை ஸ்வாப் சந்தையில் ஒரே வியாபாரமாக முடித்துவிடுகின்றன, ஆனால் கணக்கு இதுதான்.

ஆக, 84-க்கு மேலே வரும் 45 பைசா இரண்டு நாட்டு வட்டிக்கும் உள்ள வித்தியாசம். இதைத்தான் ஃபார்வேர்ட் பிரீமியம் என்கிறார்கள். ஆப்ஷனுக்குக் கட்டும் தொகைக்கும் பிரீமியம் என்றே பெயர் இருப்பதால் ஒரு குழப்பம் வருகிறது. முன்னது ஏற்றுமதியாளருக்கு வரவு, பின்னது செலவு. குழப்பம் வேண்டாம் என்பதற்காக இரண்டாவதை இங்கே ஆப்ஷன் கட்டணம் என்றே எழுதுகிறேன்.

இந்த ஏற்பாட்டில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் டாலர் கட்டாயம் வரும் என்று நம்பி வங்கி தன் டாலரை ஏற்கெனவே விற்றுவிட்டது. அந்த டாலர் வராவிட்டால் வங்கி சந்தையில் வாங்கித்தான் கடனைத் தீர்க்க வேண்டும், அந்தச் செலவு உங்கள் தலையில் விழும். ஃபார்வேர்ட் ‘பூட்டும்’ என்றால் விலையோடு சேர்த்து உங்களையும் பூட்டும் என்று பொருள்.

47 பைசா எதற்காக

ஆப்ஷனில் வங்கிக்கு அப்படி நிம்மதியாகச் சரிக்கட்ட முடியாது. டாலர் 84-க்குக் கீழே போனால் நீங்கள் விற்பீர்கள், மேலே போனால் வரமாட்டீர்கள். இரண்டில் எது நடக்கும் என்று தெரியாததால் வங்கி முதலில் பாதிக்கும் குறைவாக, நம் கணக்கில் சுமார் 79,000 டாலரை விற்று வைக்கும். டாலர் இறங்க இறங்க நீங்கள் விற்க வரும் வாய்ப்பு கூடுகிறது. அதனால் வங்கி இன்னும் கொஞ்சம் விற்கும், ஆனால் இறங்கிய விலைக்கு. டாலர் ஏறினால் நீங்கள் வரமாட்டீர்கள் என்று ஏற்கெனவே விற்றதைத் திரும்ப வாங்கும், அதுவும் ஏறிய விலைக்கு. இறங்கும்போது விற்பதும் ஏறும்போது வாங்குவதும் எந்த வியாபாரிக்கும் நஷ்டம் தரும் பழக்கம். 90 நாளில் இப்படிச் சேரக்கூடிய நஷ்டத்தை முன்கூட்டியே மதிப்பிட்டு வாங்குவதுதான் ஆப்ஷன் கட்டணம். வங்கியின் லாபம் அதன் மேல் கொஞ்சம் ஏறும்.

டாலர் எவ்வளவு ஆடுமோ அவ்வளவு அந்த நஷ்டமும் கூடும் என்பதால், கட்டணத்தைத் தீர்மானிப்பதில் பெரிய பங்கு எதிர்பார்க்கும் அசைவுக்குத்தான். மேலே ஆண்டு அசைவை 4 சதவீதம் என்று வைத்திருக்கிறேன். பதற்றமான காலத்தில் இது இரட்டிப்பானால், ஃபார்வேர்ட் விலைக்கே விற்கும் உரிமை தரும் ஆப்ஷனின் கட்டணமும் ஏறக்குறைய இரட்டிப்பாகும். புயல் கரையைத் தொடும் நாளில் படகுக்குக் காப்பீடு கேட்பவர் நிலைதான் அப்போது ஆப்ஷன் கேட்பவருக்கும்.

ஸ்ட்ரைக் என்பது நீங்கள் விற்கும் உரிமை பெற்ற விலை. அதைத் தேர்ந்தெடுப்பது உங்கள் கையில் இருக்கிறது. இதே 90 நாளுக்கு 83 ரூபாய் ஸ்ட்ரைக் கேட்டால் கட்டணம் 18 பைசா போல வரும். உங்களுக்கு உறுதியாகும் அடித்தளம் 82.82. 84 என்றால் 47 பைசா, அடித்தளம் 83.53. 84.45 என்றால் 66 பைசா, அடித்தளம் 83.79. மோட்டார் காப்பீட்டில் முதல் சில ஆயிரத்தை நாமே ஏற்றுக்கொண்டால் பிரீமியம் குறையுமே, அதே போலத்தான். விலை பேசும்போது எந்த ரேட்டுக்குக் கீழே போனால் ஆர்டர் நஷ்டமாகும் என்று கணக்குப் பார்த்திருப்பீர்கள். அடித்தளம் அதற்கு மேலே நிற்கிறதா என்று பார்த்தால் போதும். அதிக ஸ்ட்ரைக் நல்லது, குறைந்த ஸ்ட்ரைக் மோசம் என்று எதுவும் இல்லை.

முதிர்வு நாளில் மூன்று விலை

பணம் சொன்ன நாளில் வந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு 84 ஸ்ட்ரைக் ஆப்ஷனையும் ஃபார்வேர்டையும் ஒப்பிடலாம். டாலர் 82-க்கு இறங்கியிருந்தால் எந்தக் காப்பும் இல்லாதவருக்கு 1 கோடியே 64 லட்சம் கிடைக்கும். ஃபார்வேர்ட் எடுத்தவருக்கு 1 கோடியே 68 லட்சத்து 90 ஆயிரம். ஆப்ஷன் எடுத்தவர் 84-க்கு விற்பார்; கட்டணம் போக 1 கோடியே 67 லட்சத்து 6 ஆயிரம். டாலர் 87-க்கு ஏறியிருந்தால் காப்பில்லாதவருக்கு 1 கோடியே 74 லட்சம், ஃபார்வேர்ட் எடுத்தவருக்கு மறுபடியும் அதே 1 கோடியே 68 லட்சத்து 90 ஆயிரம். ஆப்ஷன்காரர் உரிமையைக் கிடப்பில் போட்டுவிட்டுச் சந்தையில் விற்பார். கட்டணம் போக 1 கோடியே 73 லட்சத்து 6 ஆயிரம். டாலர் 84.45-லேயே நின்றுவிட்டால் ஆப்ஷன் எடுத்தவருக்கு முழு 94,000 ரூபாயும் தண்டம்.

ஃபார்வேர்டோடு ஒப்பிட்டால் ஆப்ஷன் அதிகபட்சம் டாலருக்கு 92 பைசா பின்தங்கும், அதாவது 1 லட்சத்து 84 ஆயிரம். டாலர் 84.92-ஐத் தாண்டினால் முந்தத் தொடங்கும், அதற்கு மேல் எல்லை கிடையாது. பின்தங்குவதற்கு எல்லை இருக்கிறது, முந்துவதற்கு இல்லை என்பதையே ஆப்ஷனின் சிறப்பாகச் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் டாலர் ஏறும் என்ற ஆசைக்காக மட்டும் ஆப்ஷன் வாங்குபவர் காப்பு எடுப்பவரல்ல, ஊக வியாபாரி. அந்த ஆசையை ஒதுக்கி வைத்தாலும் ஆப்ஷனுக்கு ஒரு தேவை இருக்கிறது. அதைப் பார்ப்பதற்கு முன் இரண்டுக்கும் உள்ள உறவைப் பார்த்துவிட வேண்டும்.

ஃபார்வேர்டுக்குள் ஒளிந்திருக்கும் ஆப்ஷன்கள்

84.45-க்கு விற்கும் உரிமை, அதாவது புட், 66 பைசா என்று பார்த்தோம். அதே 84.45-க்கு வாங்கும் உரிமையான கால் ஆப்ஷனின் விலையும் அதே 66 பைசாதான். இது தற்செயல் அல்ல. நீங்கள் வங்கியிடம் புட்டை வாங்கி, அதே ஸ்ட்ரைக்கில் ஒரு காலை வங்கிக்கு விற்றால் என்ன ஆகும்? டாலர் 84.45-க்குக் கீழே போனால் நீங்கள் உங்கள் உரிமையைப் பயன்படுத்தி அந்த விலைக்கு விற்பீர்கள். மேலே போனால் வங்கி தன் உரிமையைப் பயன்படுத்தி உங்களிடம் அதே விலைக்கு வாங்கிக்கொள்ளும். எப்படியும் 84.45-க்கு விற்றே ஆக வேண்டும். அதற்குப் பெயர்தான் ஃபார்வேர்ட். ஃபார்வேர்டுக்குத் தொடக்கத்தில் காசு கேட்பதில்லை என்பதால் இரண்டு ஆப்ஷன்களின் விலையும் சமமாக இருந்தே ஆக வேண்டும்.

ஆக, ஃபார்வேர்ட் எடுக்கும் ஒவ்வொருவரும் அறிந்தோ அறியாமலோ 66 பைசா பெறும் பாதுகாப்பை வாங்குகிறார், அதற்கு ஈடாக 66 பைசா பெறும் ஒரு கடமையை ஏற்றுக்கொள்கிறார். இறக்கத்திலிருந்து கிடைக்கும் காப்பு இரண்டிலும் ஒரே சரக்குதான். ஆப்ஷன்காரர் ரொக்கம் கொடுத்து வாங்குகிறார், ஃபார்வேர்ட்காரர் கைம்மாறாகத் தன் ஏற்றத்தை எழுதிக் கொடுக்கிறார். டாலர் கையில் வந்தால் அந்தக் கடமை உறுத்தாது. 87-க்கு விற்றிருக்கலாமே என்ற வருத்தம் இருக்கும், ஆனால் கணக்குப் போட்ட லாபம் அப்படியே கிடைக்கும். அதை நஷ்டம் என்று எழுதுவது தவறு. முதலாளிகள் கூட்டத்தில் நிதி மேலாளரை வறுத்தெடுக்க இந்தத் தவறு அடிக்கடி பயன்படுகிறது என்பது வேறு விஷயம்.

டாலர் வராமல் போனால்தான் அந்தக் கடமை தன் முகத்தைக் காட்டும்.

ஆர்டர் ரத்தானால்

பையர் திவாலாகிறார், அல்லது தாமதத்தைக் காரணம் காட்டி ஆர்டரை ரத்து செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏற்றுமதியாளரிடம் கொடுக்க டாலர் இல்லை. ஃபார்வேர்டை ரத்து செய்யச் சொல்கிறார். ரத்து என்றால் வங்கி தாளைக் கிழித்துப் போடுவதல்ல. நீங்கள் 84.45-க்கு விற்பதாகச் சொன்ன 2 லட்சம் டாலரை அன்றைய விலைக்கு நீங்களே வாங்கியதாக எழுதி, வித்தியாசத்தைக் கணக்கில் பற்று வைக்கும். அன்று டாலர் 87 என்றால் வித்தியாசம் 2.55 ரூபாய். மொத்தம் 5 லட்சத்து 10 ஆயிரம். ஆர்டரிலிருந்து ஒரு பைசா வரவில்லை, துணி கிடங்கில் கிடக்கிறது, அதற்கு மேல் இந்தச் செலவு. இந்தக் கணக்கில் எல்லை கிடையாது. டாலர் 90 என்றால் 11 லட்சத்து 10 ஆயிரம்.

ஆப்ஷன் எடுத்தவர் இதே நிலையில் உரிமையைக் கைவிடுவார். அவருடைய நஷ்டம் முதல் நாளே கட்டிய 94,000. டாலர் 87 ஆனாலும் 90 ஆனாலும் 100 ஆனாலும் அந்தத் தொகைக்கு மேல் ஒரு ரூபாய் கூடாது. ‘ஆப்ஷன் நஷ்டத்துக்கு வரம்பு கட்டும்’ என்ற சொற்றொடருக்கு முழுப் பொருள் இந்த இடத்தில்தான் கிடைக்கிறது. மாறாக ஆர்டர் ரத்தான நேரத்தில் டாலர் 82-க்கு இறங்கியிருந்தால் ஆப்ஷன் 4 லட்சம் பெறும், கட்டணம் போக 3 லட்சத்து 6 ஆயிரம் மிஞ்சும். ஃபார்வேர்டிலும் ரத்து செய்யும்போது 4 லட்சத்து 90 ஆயிரம் லாபம் வரும்தான். ஆனால் உறுதியான ஆர்டர் இல்லாமல், வரக்கூடிய ஏற்றுமதியை எதிர்பார்த்து எடுத்த காப்பு என்றால், நஷ்டம் போக மிஞ்சும் லாபத்தை அந்த ஏற்றுமதிப் பணம் உண்மையில் வரும்போதுதான் வங்கி கொடுக்கலாம் என்பது ரிசர்வ் வங்கியின் பொது விதி.

ஆர்டர் ரத்தாவதும் டாலர் ஏறுவதும் தனித்தனி நிகழ்வுகள், இரண்டும் சேர்ந்து வருவது துரதிர்ஷ்டம் என்று ஒருவர் சொல்லலாம். அனுபவம் அப்படிச் சொல்லவில்லை. 2020 பிப்ரவரி நடுவில் டாலர் 71 ரூபாயை ஒட்டி இருந்தது. மார்ச் மாதக் கடைசி வாரத்தில் 76-ஐத் தொட்டது. அதே வாரங்களில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் துணிக்கடைகள் மூடப்பட்டன, ஆர்டர்கள் வரிசையாக ரத்தாயின அல்லது தள்ளிப்போயின. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். உலகம் பயப்படும்போது முதலீட்டாளர்கள் இந்தியா போன்ற சந்தைகளிலிருந்து பணத்தை எடுத்து டாலருக்கு ஓடுகிறார்கள், ரூபாய் சரிகிறது. அதே பயத்தில் நுகர்வோர் சட்டை வாங்குவதைத் தள்ளிப்போடுகிறார்கள், பையர் ஆர்டரை நிறுத்துகிறார். ஃபார்வேர்டை ரத்து செய்ய மிக அதிகச் செலவாகும் நாளில்தான் ரத்து செய்ய வேண்டிய தேவையும் வருகிறது. ஏற்றுமதியாளரின் காப்புத் திட்டத்தில் இந்தக் கோணத்தைச் சேர்க்காவிட்டால் அந்தத் திட்டம் அமைதியான காலத்துக்கு மட்டும் எழுதியதாகிவிடும்.

இறக்குமதியாளருக்கு இந்த ஆபத்து தலைகீழ். நெருக்கடியில் இறக்குமதி ரத்தானால், மலிவாக வாங்க ஒப்பந்தம் செய்த டாலரை ஏறிய விலைக்கு விற்று லாபம் பார்ப்பார். இதே காரணத்தால் இறக்குமதியாளருக்கு ஃபார்வேர்ட் அவ்வளவு ஆபத்தில்லை. அவருக்குக் கசப்பது வட்டி வித்தியாசத்தைக் கையிலிருந்து கட்ட வேண்டியிருப்பது.

பணம் தாமதமானால்

ரத்தை விடச் சாதாரணமாக நடப்பது தாமதம். 90 நாளில் வர வேண்டிய பணம் 115-ஆம் நாள் வருகிறது. ஃபார்வேர்டை அதே விலையில் நீட்டித் தர வங்கிக்கு அனுமதியில்லை. பழைய ஒப்பந்தத்தை அன்றைய விலைக்கு ரத்து செய்து, புதிய தேதிக்குப் புதிய விலையில் போட வேண்டும். டாலர் ஏறியிருந்தால் ரத்துத் தொகையை உடனே ரொக்கமாகக் கட்ட வேண்டியிருக்கும். புதிய ஒப்பந்தத்தில் விலை கூடுதலாகக் கிடைப்பதால் கடைசியில் கணக்குச் சமனாகும். நடுவில் இருக்கும் 25 நாளுக்கு அந்தப் பணத்தை எங்கிருந்து கொண்டுவருவது என்பதுதான் சிக்கல். முதிர்வு நாளைச் சும்மா கடந்துபோக விட்டால் இன்னும் மோசம்: செலாவணி வியாபாரம் செய்யும் வங்கிகளின் சங்கமான ஃபெடாயின் விதிப்படி வங்கி சில வேலை நாட்களுக்குள் தானாகவே ரத்து செய்துவிடும், நஷ்டமென்றால் உங்கள் கணக்கில் எடுக்கும், லாபமென்றால் உங்களுக்குத் தராது.

தேதி நிச்சயமில்லாதவர்களுக்கு வங்கிகள் ஒரு மாதம் வரையிலான கால இடைவெளிக்குள் எந்த நாளிலும் டாலரைக் கொடுக்கலாம் என்ற ஃபார்வேர்டைத் தருகின்றன. வங்கிக் கவுன்டரில் இதற்கு ‘ஆப்ஷன் ஃபார்வேர்ட்’ என்றே பெயர் சொல்வார்கள். பெயரைக் கேட்டு ஏமாந்தவர்கள் உண்டு. இதில் எந்த நாளில் கொடுப்பது என்பது மட்டும்தான் உங்கள் விருப்பம். கொடுக்காமல் இருக்கும் உரிமை இல்லை. தவிர, வங்கி தனக்குச் சாதகமான நாளை வைத்தே விலை போடும். ஏற்றுமதியாளருக்கு இடைவெளியின் முதல் நாள் வரைக்குமான ஃபார்வேர்ட் பிரீமியம்தான் கிடைக்கும்.

ஆப்ஷனிலும் தேதிச் சிக்கல் உண்டு. இங்கே வங்கிகள் தரும் ரூபாய் ஆப்ஷன்கள் ஐரோப்பிய வகை, அதாவது முதிர்வு நாளில் மட்டுமே உரிமையைப் பயன்படுத்த முடியும். பணம் முன்னதாக வந்துவிட்டால் டாலரைச் சந்தையில் விற்றுவிட்டு, ஆப்ஷனை அன்றைய மதிப்புக்கு வங்கியிடமே திருப்பி விற்கலாம். தாமதமாக வந்தால் நடுவில் இருக்கும் நாட்களுக்குக் காப்பே இல்லாமல் போகும். அதனால் இன்வாய்ஸ் தேதியைப் பார்த்து முதிர்வைக் குறிப்பதை விட, அந்தப் பையர் வழக்கமாக எத்தனை நாள் இழுக்கிறார் என்று பழைய வங்கிக் கணக்கைப் புரட்டிப் பார்த்துக் குறிப்பது நல்லது. நம் உதாரணத்தில் 90 நாளை 120 ஆக்கினால் 84 ஸ்ட்ரைக்கின் கட்டணம் மூன்று நான்கு பைசாதான் கூடும். நாள் இரட்டிப்பானாலும் கட்டணம் இரட்டிப்பாவதில்லை என்பது ஆப்ஷனில் பலர் கவனிக்காத சலுகை. முதிர்வு நாளில் எத்தனை மணிக்குள், யாருக்கு, எப்படித் தெரிவித்தால் உரிமை செல்லும் என்பதையும் ஒப்பந்தத் தாளில் முதலிலேயே பார்த்து வைக்க வேண்டும். 2 ரூபாய் லாபத்தில் இருந்த ஆப்ஷன் மதியச் சாப்பாட்டு நேரத்தில் காலாவதியானால் யாரிடமும் முறையிட முடியாது.

வரம்பு வாங்கியவருக்கு மட்டும்தான்

47 பைசா கட்ட மனமில்லாதவரிடம் வங்கி ஒரு சமரசம் சொல்லும். 84-இல் புட்டை வாங்குங்கள், 84.90-இல் ஒரு காலை எங்களுக்கு விற்றுவிடுங்கள், இரண்டின் விலையும் ஒன்றே என்பதால் கையிலிருந்து எதுவும் கட்ட வேண்டாம் என்று. டாலர் 84-க்கும் 84.90-க்கும் நடுவில் இருந்தால் சந்தை விலை, கீழே போனால் 84, மேலே போனால் 84.90. டாலர் நிச்சயம் வரும் என்றால் இது நல்ல ஏற்பாடு. ஆனால் கடமை திரும்பவும் உள்ளே வந்துவிட்டது. ஆர்டர் ரத்தாகி டாலர் 87 ஆனால், 84.90-க்குத் தர வேண்டிய டாலரை 87-க்கு வாங்க வேண்டும். 4 லட்சத்து 20 ஆயிரம் நஷ்டம். கட்டணம் பூஜ்யம் என்று எழுதியிருந்தால், எந்த விலையில் எவ்வளவு டாலரைக் கொடுக்கும் கடமையை நாம் விற்றிருக்கிறோம் என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

இந்தக் கேள்வியைக் கேட்காததன் விலையைக் கொங்குப் பகுதி 2007-08-இல் கட்டியது. 2007 தொடக்கத்தில் 44 ரூபாயை ஒட்டி இருந்த டாலர் ஆண்டு முடிவில் 40-க்குக் கீழே போயிருந்தது. ஏற்றுமதியாளர்கள் கொஞ்சம் கூடுதல் விலைக்காகத் தவித்தார்கள். வந்த டாலரை விட இரு மடங்குக்குக் கால் விற்பது, இங்கே பெரும்பாலோருக்கு வரவு செலவு இல்லாத சுவிஸ் ஃபிராங்கின் மேல் ஒப்பந்தம் போடுவது, குறிப்பிட்ட விலையைத் தொட்டால் மட்டும் உயிர்பெறும் கடமைகள் என்று விதவிதமான பொட்டலங்கள் ஆப்ஷன் என்ற பெயரில் விற்கப்பட்டன. அவற்றில் நிறுவனங்கள் வாங்கியதை விட விற்றதே அதிகம். 2008-இல் கணக்கு வெளியே வரத் தொடங்கியது, ஆண்டு முடிவதற்குள் டாலர் 50-ஐத் தொட்டது. கோவையைச் சேர்ந்த ஒரு சர்க்கரை நிறுவனம் இத்தகைய ஒப்பந்தம் சூதாட்டம், செல்லாது என்று வழக்குத் தொடர்ந்தது. 2008 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. வாங்கிய, விற்ற ஆப்ஷன்களின் கட்டணங்களைக் கழித்த பின் காப்பு எடுப்பவர் கையில் பணம் மிஞ்சும்படி ஆப்ஷன் விற்பதை ரிசர்வ் வங்கி 2010 விதிகளில் தடுத்தது. ஆப்ஷனில் நஷ்டத்துக்கு வரம்பு என்பது வாங்கியவருக்கு மட்டும் உள்ள சலுகை. விற்றவருக்கு அதே ஆப்ஷனில் வரம்பில்லை.

எதற்கு எது

சரக்குக் கப்பலேறி, இன்வாய்ஸ் ஏற்கப்பட்டு, பணத்துக்குப் பையரின் வங்கியே பொறுப்பேற்கும் எல்சி கையில் இருக்கும் ஆர்டருக்கு ஃபார்வேர்ட் போதும். 45 பைசா பிரீமியம் வரவாக வருகிறது, கடமையை நிறைவேற்ற டாலரும் வருகிறது. இங்கே ஆப்ஷனுக்குக் கட்டும் 94,000 பெரும்பாலும் வீண். ஆர்டர் உறுதியாகாமல் விலை மட்டும் கொடுத்துக் காத்திருக்கும் நிலையில் ஃபார்வேர்ட் எடுப்பது, இல்லாத டாலரை விற்பதற்குச் சமம். அங்கே ஆப்ஷன் ஒன்றுதான் பொருத்தம், அதுவும் மலிவான ஸ்ட்ரைக்கில். நடுவில் உள்ளவற்றுக்கு, உதாரணமாகப் புதிய பையரின் 2 லட்சம் டாலர் ஆர்டரில் 1 லட்சத்து 20 ஆயிரம் எந்த நிலையிலும் வரும் என்று தோன்றினால், அந்தப் பங்குக்கு ஃபார்வேர்டும் மீதி 80,000-க்கு ஆப்ஷனும் எடுக்கலாம். ஆப்ஷன் செலவு அப்போது 37,600 ரூபாய்.

வங்கி சொல்லும் ஆப்ஷன் கட்டணம் நியாயமானதா என்று பார்க்க ஓர் எளிய வழி உண்டு. ஒரே நேரத்தில் ஒரே ஸ்ட்ரைக்குக்கும் ஒரே தேதிக்கும் புட் விலையையும் கால் விலையையும் கேளுங்கள். ஸ்ட்ரைக்கை அன்றைய ஃபார்வேர்ட் விலையாக வையுங்கள். இரண்டும் ஏறக்குறைய சமமாக வர வேண்டும். புட் 80 பைசா, கால் 66 பைசா என்று வந்தால் அந்த 14 பைசா எதற்கு என்று வங்கி விளக்க வேண்டும். தேசியப் பங்குச் சந்தையில் 2010 அக்டோபரிலிருந்து டாலர்-ரூபாய் ஆப்ஷன்கள் நடக்கின்றன; ஒரு லாட் 1,000 டாலர், முதிர்வில் டாலர் கைமாறாது, குறிப்பு விலையோடு உள்ள வித்தியாசம் ரூபாயில் தீரும். முதிர்வுத் தேதிகள் உங்கள் இன்வாய்ஸோடு பொருந்தாமல் போகலாம், தொலைவான மாதங்களில் வியாபாரம் மெலிந்தும் இருக்கும். வங்கியோடு பேரம் பேசப் போகும் முன் அந்தத் திரையில் அருகிலுள்ள ஸ்ட்ரைக்கின் விலையைக் குறித்துக்கொண்டு போகலாம்.